இருட்டுத் திரை, இரண்டு குரல், ஒரு மர்மம்: எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எப்படி

திரை முழுக்கக் கருப்பு. இரண்டு பேர் பேசுகிறார்கள், நடுநடுவே சத்தங்கள், கடைசியில் ஒரு மர்மம் உடைகிறது. கேமரா, லைட், லொக்கேஷன் எதுவும் வேண்டாம் என்பதால் சென்னையில் குறும்படம் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் பலர் முதலில் இதில்தான் கை வைக்கிறார்கள். எடிட் முடித்த பிறகு, "பார்த்தவங்களுக்கு ஏதோ புரியலைன்னு சொல்றாங்க" என்று கொண்டுவருவார்கள். அந்த "ஏதோ" பெரும்பாலும் ஒரே ஐந்தாறு கோளாறுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். பார்த்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை வைத்தே எது என்று பிடித்துவிடலாம். அதனால் தலைப்புகளை அப்படியே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

உதாரணத்துக்கு ஒரே கதை. மந்தைவெளியில் பழைய தனி வீடு. கீழே ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன் வாடகை கொடுக்கக் கீழே வருகிறான். பேசிக்கொண்டிருக்கும்போது விளக்கும் ஃபேனும் நின்றுவிடுகின்றன. "கரண்ட் போச்சு டீச்சர், எழுந்திருக்காதீங்க" என்கிறான். அந்த இருட்டில் பீரோவிலிருந்து ஒரு நகைப் பெட்டி காணாமல் போகிறது. உண்மையில் கரண்ட் போகவில்லை. லைட், ஃபேன் லைனின் ஃபியூஸை மட்டும் அவனுடைய கூட்டாளி வெளியே பிடுங்கியிருக்கிறான். ஃபிரிட்ஜுக்குத் தனி பவர் பிளக், அது ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் எப்படி ஓடும்? இதுதான் முடிச்சு.

## "வீடியோ வரலைன்னு நெனச்சு மூடிட்டேன்"

வானொலி நாடகம் கேட்பவர் படத்தை எதிர்பார்ப்பதில்லை. திரையைக் கையில் வைத்திருப்பவர் எதிர்பார்ப்பார். கருப்பாக இருந்தால் நெட் சரியில்லை என்றே நினைப்பார்.

முதலில் பார்க்க வேண்டியது தொடக்கத்தில் இருக்கும் மௌனம். தலைப்பு அட்டை மறைந்து, இரண்டு மூன்று விநாடி எதுவும் கேட்காமல், பிறகு வசனம் ஆரம்பித்தால் அந்த இடைவெளியில்தான் ஆளை இழக்கிறீர்கள். அட்டை இருக்கும்போதே சத்தம் தொடங்கட்டும். தெருவில் ஆட்டோ, உள்ளே ஃபேன், டம்ளர் வைக்கும் ஓசை. அட்டை மறைந்த பின்னும் அதே சத்தம் தொடர்ந்தால் படம் ஓடுகிறது என்று காது சொல்லிவிடும்.

அதைச் செய்த பிறகும் விட்டுப் போகிறார்கள் என்றால், இருட்டுக்குக் கதையில் காரணம் வர நேரமாகிறது. நம் கதையில் கரண்ட் போவது மூன்றாவது நிமிடத்தில் இருந்தால், அதுவரை திரை ஏன் கருப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஆகவே அரை நிமிடத்துக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். இன்னும் நேர்மையான வழி, விளக்கு எரியும் அந்த அரை நிமிடத்துக்கு மட்டும் மங்கலான மஞ்சள் நிறத்தைத் திரையில் வைத்து, ஃபேன் நிற்கும் அதே நொடியில் கருப்பாக்குவது. உருவம் எதுவும் தேவையில்லை, வெறும் நிறம். அப்புறம் வரும் கருப்பு முழுக்க கதையின் இருட்டாகிவிடுகிறது.

நடுவில் வரும் மௌனத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒலி முழுவதுமாக அறுந்த மௌனம் கோளாறு போலக் கேட்கும். அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து, படம் முழுக்க அடியில் ஓட விடுங்கள்.

## "இப்போ பேசுறது யாரு?"

பேச்சில் அழைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதும்போது பெயர் போட்டு எழுதுகிறோம், கேட்பவருக்கு அந்தப் பெயர் தெரியாது. முதல் நான்கு வசனத்துக்குள் "டீச்சர்" ஒரு தடவை, "தம்பி" ஒரு தடவை வந்துவிட வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் இதற்குச் சிரமமே இல்லை. "உள்ள வா தம்பி", "பரவால்ல டீச்சர், இங்கயே நிக்கிறேன்" என்றால் வயது, உறவு, மரியாதை மூன்றும் வந்துவிட்டன. அவர் நீ, வா, போ என்பார். அவன் நீங்க, வாங்க என்பான். பாதி வேலையை வினைச்சொல்லின் வால் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் சம வயது நண்பர்கள் என்று கதை வைத்தால் இந்த வசதி போய்விடும். அப்போது "மச்சி" ஒருவன் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

அழைப்பு சரியாக இருந்தும் குழப்பம் என்றால், இரண்டு பேரும் ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில் பேசுகிறார்கள். இதற்கு ஒரு சோதனை: பக்கத்து அறையில் படத்தை ஓடவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கேளுங்கள். வார்த்தை புரியாது. ஆனாலும் யார் பேசுகிறார் என்று சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால் குரல்கள் சரி, பிரச்சினை எழுத்தில். முடியவில்லை என்றால் ஒருவரின் வசனங்களைக் குறுக்கி எழுதிப் பாருங்கள். டீச்சர் முழு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்திப் பேசட்டும். பையன் துண்டு துண்டாகப் பேசட்டும்.

ஒருவரை இடது காதிலும் மற்றவரை வலது காதிலும் வைப்பது எல்லோருக்கும் தோன்றும் தீர்வு. ஹெட்போனில் அழகாக இருக்கும். போனை மேஜையில் வைத்துக் கேட்பவருக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

எல்லாம் செய்தும் கதவுக்கு வெளியே இரு குரலும் ஒன்றாகவே கேட்டால், ஒருவரை மாற்றி மறுபடி பதிவு செய்வதைத் தவிர வழியில்லை. குரலின் உயரத்தை மென்பொருளில் ஏற்றி இறக்குவது வேண்டாம். அது செயற்கையாகத் தெரியும், மர்மக் கதையில் "ஏன் குரலை மாத்தியிருக்காங்க" என்று தப்பான இடத்தில் சந்தேகம் கிளம்பும்.

## "அது என்ன சத்தம்?"

மழையைப் பதிவு செய்தால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இருக்கும். படம் இல்லாதபோது காதுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இது பதிவின் குறை அல்ல, நல்ல பதிவுக்கும் நடக்கும்.

எளிய காரணம், இரண்டு மூன்று சத்தங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் அரை விநாடி விடுங்கள். அடுத்த காரணம், சத்தத்துக்கு முன்னால் துப்பு இல்லை. பீரோ திறக்கும் கிறீச்சை முதன்முறையாக இருட்டில் கேட்டால் அது கதவா, நாற்காலியா என்று யாருக்கும் தெரியாது. விளக்கு எரியும்போதே டீச்சர் பீரோவை ஒரு தடவை திறந்து வாடகைப் பணத்தை வைத்து, "எண்ணெய் போடணும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போதும். இருட்டில் அதே கிறீச் வரும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அதே பதிவைத்தான் இரண்டாம் முறையும் போட வேண்டும். வேறு கிறீச் போட்டால் வேறு பீரோ.

"ஐயோ, யாரோ பீரோவைத் திறக்கிறாங்களே!" என்று வசனம் எழுதிச் சரிசெய்யப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். சத்தத்துக்குப் பெயர் சொல்வதைவிட, அதைக் கேட்டதும் மாறுகிற பேச்சு பலமானது. பேசிக்கொண்டிருந்த டீச்சர் பாதியில் நிறுத்தி "தம்பி, நீ எங்க நிக்கிற?" என்று கேட்டால் போதும்.

## "க்ளூவா? அது எங்க வந்துச்சு?"

அதிகம் வருவதும், சரிசெய்ய அதிக நேரம் பிடிப்பதும் இதுதான். கடைசியில் டீச்சர் "ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டிருந்துச்சே" என்கிறார். பார்த்தவர் திரும்பப் போய்க் கேட்கிறார், அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார். மூன்று கிளைகளாகப் பிரித்துப் பாருங்கள்.

### ஹெட்போனிலும் கேட்கவில்லை

எடிட் செய்தவர் இரைச்சல் நீக்கும் கருவியை ஓட்டியிருப்பார். மாறாமல் ஓடும் உறுமலை அந்தக் கருவி இரைச்சல் என்று எடுத்துவிடும். அதன் வேலையே அதுதான். வசனத்துக்கு மட்டும் தனி டிராக்கில் அதைப் பயன்படுத்துங்கள். ஃபிரிட்ஜ், அறையின் சத்தம் எல்லாம் வேறு டிராக்கில், தொடப்படாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாக்கிய பிறகு இரைச்சல் நீக்கினால் கதையின் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

### ஹெட்போனில் கேட்கிறது, போனில் கேட்கவில்லை

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் பழைய ஃபிரிட்ஜின் உறுமலில் பலமான பகுதி 100 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும். போனின் சின்ன ஒலிபெருக்கிக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ளும் சக்தி கிடையாது. சத்தத்தை ஏற்றிப் பயனில்லை. வராதது வராது, ஹெட்போனில் கேட்பவருக்கு மட்டும் காது வலிக்கும்.

சோதிக்க, `Audacity` மென்பொருளில் உங்கள் ஒலிக் கோப்பின் நகலைத் திறந்து `High-Pass Filter` கொடுத்து 300 ஹெர்ட்ஸ் வையுங்கள், `Roll-off` 24 dB ஆக இருக்கட்டும். மிச்சம் இருப்பதுதான் ஏறக்குறைய போனில் கேட்பவருக்குக் கிடைப்பது. ஃபிரிட்ஜ் காணாமல் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

முதல் மருந்து, மறுபதிவு. மைக்கை ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே கம்ப்ரஸர் அருகில் வைக்காமல், முன்பக்கம் கதவைத் திறந்து பாட்டில் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டில்களின் மெல்லிய கிணுகிணுப்பு போனில் நன்றாகக் கேட்கும். இரண்டாவது, உறுமலுக்கு லேசாகச் சிதைவு, அதாவது `Distortion`, சேர்ப்பது. அப்படிச் செய்தால் 200, 300, 400 ஹெர்ட்ஸில் அதன் மடங்குகள் எழும், அவற்றைக் கேட்கும் காது அடியில் இருக்கும் தாழ்ந்த ஒலியைத் தானே ஊகித்துக்கொள்ளும். அதிகமாகப் போட்டால் ஈ மொய்க்கிற மாதிரி ஆகிவிடும்.

### போனிலும் கேட்கிறது, ஆனால் யாரும் கவனிக்கவில்லை

இங்கே ஒலியில் குறை இல்லை, கதையைத்தான் தொட வேண்டும். மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் காது சில விநாடிகளில் மறந்துவிடும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் இப்போது ஓடுகிறதா என்று நினைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அது நிற்கும்போது எல்லோருக்கும் தெரியும். அதனால் இருட்டில் க்ளூ ஒரு மாற்றமாக இருக்க வேண்டும், ஒரு நிலையாக இருக்கக் கூடாது.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று நிற்கும்போது உடம்பையே உதறிக்கொண்டு நிற்கும். கதவில் இருக்கும் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்து, மேலே வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பா அதிர்ந்து அடங்கும். இந்தச் சத்தம் தாழ்ந்ததல்ல, எந்தப் போனிலும் கேட்கும். கதையை இப்படி மாற்றலாம்.

விளக்கு எரியும்போது ஒரு தடவை ஃபிரிட்ஜ் உதறிக்கொண்டு நிற்கிறது. "இது ஒண்ணு, நிக்கும்போதெல்லாம் வீட்டையே ஆட்டிட்டுத்தான் நிக்கும்" என்கிறார் டீச்சர். அடையாளம் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் "டக்" என்று மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. பேச்சு வேறு எங்கோ போகிறது. பிறகு விளக்கு அணைகிறது, ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி நிற்கிறது. ஃபிரிட்ஜ் உதறவில்லை. இதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனிக்கவும் வேண்டாம். இருட்டில் ஒன்றரை நிமிடம் பேச்சு நடக்கிறது. பீரோவின் கிறீச்சும் வந்து போய்விட்டது. அப்புறம் ஃபிரிட்ஜ், குளிர்ந்து முடித்த வழக்கமான நேரத்தில், உதறிக்கொண்டு நிற்கிறது.

அந்த இடத்தில் இரண்டு விநாடி யாரும் பேசக் கூடாது. அதன் பிறகு:

"டீச்சர்? இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. கரண்ட் எப்போ போச்சுன்னு சொன்ன?"

அவ்வளவுதான். கவனித்தவர்களுக்கு உடலில் சிலிர்ப்பு வரும். கவனிக்காதவர்கள் திரும்பப் போய்க் கேட்பார்கள், அங்கே சத்தம் தெளிவாக இருக்கும்.

புது ரக ஃபிரிட்ஜுகள் பல இப்படி உதறுவதில்லை. பதிவுக்குப் பழைய ஃபிரிட்ஜ் உள்ள வீட்டைத் தேடிப் போங்கள். நிற்கும் நேரத்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் குளிர்நிலைத் திருகைத் திருப்பி நிறுத்தலாம், உதறல் அதே மாதிரிதான் இருக்கும்.

## "கேட்டுச்சு, ஆனா நம்ப முடியலை"

க்ளூ தெளிவாகிவிட்டால் அடுத்து இது வரும். சென்னைக்காரர்களுக்குக் கரண்ட் விஷயத்தில் அனுபவம் அதிகம். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளை எழுதும்போதே அடைத்துவிட வேண்டும்.

முதல் ஆட்சேபம்: "ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாமே, ஃபிரிட்ஜ் இன்னொரு ஃபேஸ்ல இருந்திருக்கும்." நியாயமான கேள்வி. த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் பாதி வீடு இருட்டாகி மீதி வெளிச்சமாக இருப்பது நாம் எல்லோரும் பார்த்ததுதான். எனவே தொடக்கத்தில் ஒரு வரி வேண்டும். "ஏசி போட்டா த்ரீ ஃபேஸ் வாங்கணுமாம். எனக்கு எதுக்குப்பா, சிங்கிள் ஃபேஸே போதும்" என்று டீச்சர் வெயிலைப் பற்றிப் பேசும்போது வந்துவிட்டால் யாருக்கும் அது விளக்கமாகத் தெரியாது.

இரண்டாவது இன்னும் கூர்மையானது: "ஃபியூஸ் தானா போயிருக்கும். பையன் கரண்ட் போச்சுன்னு நெனச்சிருப்பான், அவன் பொய் சொல்லலையே?" இதை அடைக்காவிட்டால் ஃபிரிட்ஜ் எதையும் நிரூபிக்காது. அவன் பொய் சொன்னான் என்பதற்குத் தனியாக ஒரு வரி தேவை. இருட்டான உடனே அவன் ஜன்னல் பக்கம் நடக்கும் செருப்புச் சத்தம், பிறகு "தெருவே இருட்டா இருக்கு டீச்சர்." இப்போது அவன் பார்த்ததாகச் சொல்லிவிட்டான். தெருவில் கரண்ட் இல்லாமல் இந்த வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் ஓட முடியாது. பொய் மாட்டிக்கொண்டது.

மூன்றாவது: "செல்லுல டார்ச் போட வேண்டியதுதானே?" இருட்டை வைத்து எழுதும் எந்தக் கதையும் இன்றைக்கு இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். டீச்சரின் போன் உள்ளறையில் சார்ஜில் இருப்பதாக வைக்கலாம். பையனின் போன்? "மாடியிலேயே விட்டுட்டேன்" என்று சொல்லட்டும். துணிச்சல் இருந்தால், கடைசியில் அவன் சட்டைப் பையில் அது அதிரட்டும். ஆனால் இரண்டு பொய் பிடிபட்டால் ஃபிரிட்ஜின் மதிப்பு குறைந்துவிடும் என்பது என் கருத்து. நான் அதிர விடமாட்டேன்.

கதை தெரியாத ஒருவருக்கு முடிவுக்கு முன்னால் படத்தை நிறுத்தி, "யார் செஞ்சது, எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஊகித்துச் சொல்பவர் ஃபிரிட்ஜைக் குறிப்பிட்டால் சரி. "அந்தப் பையன் குரல்லயே தெரியுது" என்றால் நடிப்பு முந்திக்கொண்டது. பையனின் வசனங்களை இன்னும் சாதாரணமாக மறுபதிவு செய்யுங்கள்.

## "ரூம்ல உட்கார்ந்து படிக்கிற மாதிரி இருக்கு"

பதிவின்போது ஃபேனையும் ஏசியையும் அணைத்தீர்களா? சித்திரை வெயிலில் இது சிரமம்தான், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து எடுங்கள். நம் கதையில் இது இன்னும் முக்கியம். ஃபேன் நின்ற பிறகு வரும் வசனத்தின் அடியில் ஃபேன் ஓடினால் கதையே பொய். விடியற்காலையில் பதிவு செய்யலாம் என்று நினைத்தால் காக்கைகள் விடாது. இரவு பத்து மணிக்கு மேல் உள்தெரு வீடுகளில் ஓரளவு அமைதி கிடைக்கும்.

எதிரொலி இருந்தால் வெறும் சுவர் உள்ள அறையை விட்டு, துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், தரையில் ஜமக்காளம்.

இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே அறையில், எதிரெதிரே நிற்க வைத்துப் பதிவு செய்வதே நல்லது. வேறு வேறு வீடுகளில் எடுத்து ஒட்டினால் ஒருவர் குளியலறையிலும் மற்றவர் மொட்டைமாடியிலும் இருப்பது போலக் கேட்கும். தூரமும் முக்கியம். பையன் ஜன்னலுக்குப் போகிறான் என்றால் மைக்கை விட்டு நாலைந்து அடி உண்மையிலேயே தள்ளி நின்று பேசட்டும். பின்னால் சத்தத்தைக் குறைத்தால் தூரம் வராது, மெதுவாகப் பேசுவதாக மட்டுமே தெரியும்.

## எப்போது வெளியே கொடுப்பது

குரல்களில் எதிரொலி ஊறிப்போய், நடிகர்கள் மறுபடி வர முடியாத நிலை என்றால் வீட்டில் கிடந்து போராட வேண்டாம், ஒரு சவுண்ட் இன்ஜினீயரிடம் கொடுங்கள். அவராலும் முழுக்க எடுக்க முடியாது, கேட்கும்படி ஆக்கலாம். நடிகர்கள் வரத் தயார் என்றால் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கம் இருக்கும் டப்பிங் தியேட்டர் ஒன்றில் வசனத்தை மட்டும் மறுபடி எடுப்பதே மலிவாக முடியும். ஆனால் அங்கே கிடைப்பது அறையே இல்லாத சுத்தமான குரல். அதற்கடியில் போட, நீங்கள் வீட்டில் எடுத்த அறைச் சத்தம் கையில் இருக்க வேண்டும்.

பேச்சு போனில் தெளிவாக இருந்து எஃபெக்ட்ஸ் மூழ்குகிறது, அல்லது நேர்மாறாக என்றால் கடைசி மிக்ஸிங்குக்கு மட்டும் ஆள் பிடியுங்கள். யூடியூப் தன் சத்த அளவான -14 `LUFS`-க்கு மேலே உள்ளதைத் தானே இறக்கிவிடும், கீழே உள்ளதை ஏற்றித் தராது. மெல்லிய சத்தங்களை நம்பியிருக்கும் கதையில் அந்த அளவை நெருங்கிக் கொடுக்கத் தெரிந்தவர் தேவை.

போகும்போது டீச்சர், பையன், ஃபேன், ஃபிரிட்ஜ், பீரோ, அறை, தெரு என்று ஒவ்வொன்றையும் தனித் தனிக் கோப்பாக, எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே ஒரு தாளில் ஃபிரிட்ஜ் உதறும் நேரத்தைக் குறித்து, "இந்த இரண்டு விநாடியில் எதையும் சுத்தம் செய்ய வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். கதை தெரியாத இன்ஜினீயர் முதலில் துடைத்துப் போடுவது அதைத்தான்.